விசா வராவிட்டால் பணம் யாருடையது?
வெளிநாட்டு வேலை ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியவை

சபர் போகும் பிள்ளைகள் இல்லாத முஹல்லா நம் திருச்சியில் இல்லை. அத்தா சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்த காலம் போய், பிள்ளைகள் சவூதி, துபாய், குவைத் என்று புறப்படும் காலம் இது. போனவர்கள் அனுப்பும் பணத்தில் வீடுகள் எழும்புவதைப் பார்க்கிறோம். போக முடியாமல் ஏஜென்சியில் பணத்தைக் கட்டிவிட்டு நிற்பவர்களின் கதை மட்டும் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வெளியே சொன்னால் கௌரவக் குறைவு என்று எண்ணி, வட்டியைக் கட்டிக்கொண்டே மௌனமாக இருந்துவிடுகிறார்கள்.

அப்படி மௌனமாக இருக்காமல் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்த இரண்டு இளைஞர்களின் விஷயத்தை இங்கே எழுதுகிறோம். இருவருடைய சம்மதமும் பெற்றிருக்கிறோம். பெயர்களும் ஏஜென்சியின் பெயரும் வேண்டாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, அதில் எந்த வரி அவர்களைக் கட்டிப்போட்டது, எந்தத் தாள் அவர்களைக் காப்பாற்றியது என்பதுதான் நமக்கு முக்கியம்.

இரண்டு நண்பர்கள், ஒரே ஏஜென்சி

ஒருவர் பாலக்கரைத் தம்பி. மற்றவர் ஸ்ரீரங்கத்துக்காரர். திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்து, ஏ.சி. மெக்கானிக்காக ஒன்றாக வேலை பார்த்தவர்கள். சவூதியில் ஏ.சி. டெக்னீஷியன் வேலை, மாதம் 1,500 ரியால், தங்குமிடம் இலவசம் என்று விளம்பரம் பார்த்து இருவரும் நேர்காணலுக்குப் போனார்கள். தேர்வும் ஆனார்கள். ஏஜென்சி கேட்ட மொத்தத் தொகை 1,10,000 ரூபாய். தேர்வானதும் 40,000, 'விசா வந்ததும்' 45,000, டிக்கெட் எடுக்கும்போது 25,000 என்று மூன்று தவணை. பாஸ்போர்ட்டை அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

பாலக்கரைத் தம்பி முதல் தவணையை ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் போட்டார். சில வாரங்களில் வாட்ஸ்அப்பில் 'விசா காப்பி' ஒன்று வந்தது. இரண்டு நாளில் 45,000 கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று போன் வந்தது. அம்மாவின் வளையல்களை அடகு வைத்து, அலுவலகத்தில் இருந்த ஊழியரிடம் ரொக்கமாகக் கொடுத்தார். தங்கையின் நிக்காஹ்வுக்காக வைத்திருந்த வளையல்கள் அவை. ரசீது கேட்டதற்கு, "டிக்கெட் சமயத்தில் மொத்தமாகத் தருகிறோம்" என்றார்களாம். ஸ்ரீரங்கத்துத் தம்பியின் தகப்பனார் மட்டும் ரொக்கம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. கணக்கில்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்து, இரண்டு தவணையையும் வங்கி மூலமே கட்டி, இரண்டு ரசீதும் வாங்கிவிட்டார்.

ஐந்து மாதம் போனது. விசா வரவில்லை. "கம்பெனியின் விசா கோட்டா ரத்தாகிவிட்டது, குவைத்துக்கு மாற்றி அனுப்புகிறோம்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பாஸ்போர்ட்டாவது கொடுங்கள் என்றதற்கு, கேன்சல் கட்டணம் 15,000 கட்டிவிட்டு எடுத்துப் போகச் சொன்னார்கள். அன்றுதான் இருவரும் நம்மிடம் வந்தார்கள்.

'விசா காப்பி' என்று வந்தது என்ன?

முதலில் அந்த வாட்ஸ்அப் தாளை வாங்கிப் பார்த்தோம். மதரஸாவில் ஓதிய அரபி அன்று உதவியது. அதில் இந்தத் தம்பிகளின் பெயரும் இல்லை, பாஸ்போர்ட் எண்ணும் இல்லை. சவூதி நிறுவனம் ஒன்றுக்கு இத்தனை ஆட்களை வரவழைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டு அரசு கொடுத்த அனுமதி எண் மட்டுமே இருந்தது. இதை ஏஜென்சி வட்டாரத்தில் 'பிளாக் விசா' என்பார்கள். ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கி வைக்கும் அனுமதி அது. நமக்கென்று விசா வருவது அதற்குப் பிறகுதான். மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து, நம் பெயரிலும் நம் பாஸ்போர்ட் எண்ணிலும் விசா பதிவாக வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த அனுமதியில் தொழில் என்ற இடத்தில் 'ஆமில்' என்றே இருந்தது. அதாவது சாதாரணத் தொழிலாளி. ஏ.சி. டெக்னீஷியன் என்று இல்லை. இந்த விசாவில் போயிருந்தால் அங்கே கூலி வேலை கொடுத்தாலும், சம்பளத்தைக் குறைத்தாலும், "உன் விசாவே அதுதானே" என்று சொல்லிவிடலாம்.

இங்கேதான் ஒப்பந்தத்தின் முதல் ஓட்டை தெரிந்தது. 'விசா வந்ததும் இரண்டாம் தவணை' என்று எழுதியிருந்தார்களே தவிர, விசா என்றால் எது என்று எழுதவில்லை. நம் பிள்ளைகள் தங்கள் பெயரில் வரும் விசா என்று நினைத்தார்கள். ஏஜென்சி பிளாக் விசா தாளைக் காட்டி வசூலித்துவிட்டது. ஆகவே ஒப்பந்தத்தில் 'விசா' என்ற சொல் வரும் முதல் இடத்திலேயே, 'இன்னாரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பேசிய தொழிலும் உள்ள வேலை விசா' என்று எழுதச் சொல்ல வேண்டும். விசிட் விசா, டூரிஸ்ட் விசா இதில் சேராது என்றும் எழுத வேண்டும். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று டூரிஸ்ட் விசாவில் அழைத்துப் போகப்பட்டு, மியான்மரில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை நாம் மறந்துவிடக் கூடாது.

ஏஜென்சி எவ்வளவு வாங்கலாம்?

இந்தியாவில் ஆட்களை வெளிநாட்டு வேலைக்குச் சேர்த்து அனுப்ப வேண்டுமானால், 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதற்காக ஏஜென்சிகள் அரசிடம் வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஏஜென்சிகளுக்கு அது 50 லட்சம் ரூபாய். தொழிலாளியை நடுவில் விட்டுவிட்டால் அரசு கைவைக்கக்கூடிய பணம் அது. பதிவு பெற்றவரிடம் போவதற்கும் பெறாதவரிடம் போவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் 25ஆவது விதி, ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு வரம்பு கட்டியிருக்கிறது. அதிகபட்சம் 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400 ரூபாய். ஆக மொத்தம் 35,400. இதற்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். நேர்காணல் கட்டணம், ஃபைல் கட்டணம், புராசஸிங் கட்டணம் என்று எத்தனை பெயர் வைத்தாலும், ஏஜென்சி தன் சேவைக்காக வாங்குவது எல்லாம் இந்த வரம்புக்குள்தான் அடங்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் அட்டெஸ்டேஷன் போன்றவை வேறு இடங்களில் கட்டும் பணம். அவற்றை ஏஜென்சி கையில் கொடுக்காமல் நாமே நேரில் கட்டி, அங்கேயே ரசீது வாங்குவது நல்லது. ஏஜென்சிதான் கட்ட வேண்டும் என்றால், எதற்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும், மூல ரசீது நம் கைக்கு வர வேண்டும். விசா, இகாமா போன்ற செலவுகளோ பெரும்பாலும் முதலாளியின் பொறுப்பு. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு, ஆளை வரவழைக்கும் கட்டணம், இகாமா, வேலை அனுமதி, வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் முதலாளியின் மேல் வைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. அங்கே முதலாளி கட்டிவிட்டதையே இங்கே நம்மிடமும் வசூலிப்பது வழக்கமாக நடக்கிறது.

நம் தம்பிகளின் கணக்கைப் பாருங்கள். கட்டியது தலைக்கு 85,000. சட்டம் அனுமதிப்பது 35,400. விசா வந்து, விமானம் ஏறி, சம்பளமும் வாங்கியிருந்தாலும்கூட, 49,600 ரூபாய் ஏஜென்சிக்குச் சேர வேண்டிய பணமே இல்லை. மூன்றாம் தவணையையும் கட்டியிருந்தால் அதிகப்படியான தொகை 74,600 ஆகியிருக்கும். "ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டாய்?" என்று கேட்பார்கள். சட்டம் தடுத்த ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் அது செல்லாது என்பதே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்வது.

பதிவு மட்டும் போதாது

பதிவு பெற்ற ஏஜென்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2015இல் கேரளாவில் வெளிவந்த செவிலியர் வழக்கு இதற்குப் பாடம். குவைத் சுகாதார அமைச்சகத்திற்குச் செவிலியர்களை அனுப்ப, கொச்சியில் இருந்த அல் சராஃபா என்ற பதிவு பெற்ற ஏஜென்சிக்கு வாய்ப்புக் கிடைத்தது. அன்றைய சட்டப்படி ஒருவரிடம் அதிகபட்சம் 20,000 ரூபாய்தான் வாங்கலாம். ஒப்பந்தத்தில் இருந்த தொகை 19,500. ஆனால் ஒவ்வொருவரிடமும் 19,50,000 ரூபாய், அதாவது அதைப்போல நூறு மடங்கு வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. குடியகல்வோரைக் காக்க வேண்டிய அரசு அதிகாரி ஒருவரும் அதில் குற்றம்சாட்டப்பட்டார். அதன் பிறகே, நம் அரசின் குடியகல்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்பும் முறை வந்தது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம், 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு மனிதவள நிறுவனமான ஓ.எம்.சி.எல்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, தாளில் 19,500 மட்டுமே இருந்தது என்பதுதான். தாளுக்கு வெளியே கைமாறும் பணம் எவ்வளவு பெரியதானாலும், பிறகு அதை நிரூபிப்பது கொடுத்தவரின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே இரண்டு சோதனைகள். முதலாவது, emigrate.gov.in என்ற அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியலைத் திறந்து, பெயர், முகவரி, பதிவு எண் மூன்றும் ஒத்துப்போகிறதா, நிலை என்ற இடத்தில் Active என்று இருக்கிறதா என்று பார்ப்பது. மும்பை ஏஜென்சியின் சான்றிதழ் நகலைச் சுவரில் மாட்டிவிட்டு, "நாங்கள் அவர்களுடைய திருச்சி பிரான்ச்" என்பார்கள். கிளை என்றால் அந்தக் கிளைக்கும் அனுமதி இருக்க வேண்டும். தெருவில் ஆள் பிடிக்கும் சப்-ஏஜென்ட் என்ற ஒருவரைச் சட்டம் ஏற்பதே இல்லை. சிங்கப்பூருக்கு அனுப்புபவருக்குப் பதிவு வேண்டாம் என்று சிலர் சொல்வதும் தவறு. குடியகல்வு அனுமதி முத்திரை சிங்கப்பூருக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். ஆள் சேர்ப்பவருக்குப் பதிவு தேவை.

இரண்டாவது சோதனை, பணம் போகும் இடம். பதிவுச் சான்றிதழில் உள்ள அதே பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். ஊழியரின் ஜிபே எண்ணுக்கோ, ஓனரின் மச்சான் கணக்குக்கோ போகக் கூடாது.

விசா தவறுவதற்கு நான்கு காரணங்கள்

பணத்தைத் திருப்பித் தரும் ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரே வரிதான்: கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. நம் தம்பிகளின் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. கூடவே, விசா தாமதமானால் வேறு நாட்டுக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாற்றி அனுப்பப்படும் என்றும் இருந்தது. இந்த ஒற்றை வரியை நாம் நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஏனென்றால் விசா தவறுவதற்கு நான்கு விதமான காரணங்கள் உண்டு, நஷ்டம் யாருடையது என்பது ஒவ்வொன்றிலும் மாறுகிறது.

ஒன்று, முதலாளி பக்கத்துக் காரணம். கோட்டா ரத்தாவது, கம்பெனி ஆள் வேண்டாம் என்பது, விசாவில் தொழில் மாறியிருப்பது. இதில் தொழிலாளியின் தவறு எதுவும் இல்லை. முழுப் பணமும் திரும்ப வேண்டும். ஒப்பந்தம் நிறைவேற முடியாமல் போனால், அதன் பேரில் பெற்ற பலனைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவு சொல்கிறது. நம் தம்பிகளின் விஷயம் இந்த வகை.

இரண்டு, ஏஜென்சியின் காரணம். தாமதமாக ஃபைல் போட்டு விசாவின் காலம் கடந்துபோவது, தவறான தாள்களை இணைப்பது, மருத்துவச் சான்றின் காலம் முடியும்வரை இழுத்தடிப்பது. வளைகுடா நாடுகளுக்கான வஃபித் மருத்துவச் சான்று (முன்பு காம்கா என்றார்கள்) சில மாதங்கள்தான் செல்லும். அதைத் தவறவிட்டு மறுபடி பரிசோதனை செய்ய நேர்ந்தால், அந்தச் செலவு ஏஜென்சியுடையது என்று எழுத வேண்டும். முழுப் பணமும் இதிலும் திரும்ப வேண்டும்.

மூன்று, மருத்துவத்தில் 'அன்ஃபிட்' ஆவது. இது யாருடைய குற்றமும் இல்லை. பரிசோதனைச் செலவு நம்முடையது. ஆனால் சேவைக் கட்டணம் திரும்ப வேண்டும். இதற்கு எளிய வழி, மருத்துவம் தேறும்வரை சேவைக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காமல் இருப்பதுதான். எந்தத் தவணையும் மருத்துவத்திற்குப் பிறகு என்று வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

நான்கு, நம் பக்கத்துக் காரணம். போலிச் சான்றிதழ் கொடுப்பது, முன்பு வளைகுடாவில் கைரேகை வைத்து நாடு கடத்தப்பட்டதை மறைப்பது, எல்லாம் முடிந்தபின் போக மனமில்லை என்பது. இதில் ஏஜென்சி உண்மையாகச் செய்த செலவைக் கழித்துக்கொள்வது நியாயம். அதற்கும் ரசீது காட்ட வேண்டும். இதை நாம் வெளிப்படையாகவே சொல்கிறோம். மறைத்துவிட்டுப் போய் விசா நிராகரிக்கப்பட்ட பிறகு, முழுப் பணமும் வேண்டும் என்று நம்மைச் சிபாரிசுக்கு அழைத்தவர்களும் உண்டு.

ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டிய வரிகள்

கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறிப்பிட்டு எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் சொல்லும் பகரா சூராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை ஓதும் நாம், ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கும்போது எழுதக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். கீழே உள்ள வரிகளை அப்படியே காட்டி எழுதச் சொல்லலாம்.

1. சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 5,400 ரூபாய், மொத்தம் 35,400 ரூபாய். இதற்கு மேல் சேவைக்காக எதுவும் வாங்கப்படமாட்டாது. பணம் ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் மட்டும் பெறப்பட்டு, அன்றே ரசீது தரப்படும்.

2. 'விசா' என்பது தொழிலாளியின் பெயர், பாஸ்போர்ட் எண், பேசிய தொழில் ஆகியவை உள்ள வேலை விசாவை மட்டுமே குறிக்கும்.

3. இன்ன தேதிக்குள் அந்த விசா கிடைக்காவிட்டால், தொழிலாளியின் தவறு இல்லாத எந்தக் காரணமானாலும், கட்டிய முழுத் தொகையும் 15 நாட்களுக்குள் வங்கி மூலம் திருப்பித் தரப்படும்.

4. நாடு, நிறுவனம், தொழில், சம்பளம் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் தொழிலாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். சம்மதிக்காவிட்டால் மூன்றாவது ஷரத்தின்படி பணம் திரும்பும்.

5. பாஸ்போர்ட் விசா பதிவுக்காக மட்டும் பெறப்படுகிறது. பெற்றதற்கு ரசீது தரப்படும். கேட்ட 7 நாட்களுக்குள் கட்டணமின்றித் திருப்பித் தரப்படும்.

15 நாள், 7 நாள் என்பவை நாம் சொல்லும் அளவுகள். பேசிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏதாவது ஒரு தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாத ஷரத்தை வைத்துக்கொண்டு, 'இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்' என்று வருடக்கணக்கில் ஓட்டலாம். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி, இருவர் கையெழுத்துடனும் ஏஜென்சி முத்திரையுடனும் நம் வீட்டில் இருக்க வேண்டும். "அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும்" என்ற பதிலுக்குத் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. இந்த வரிகளை எழுத மறுக்கிறார்களா? அந்த மறுப்பே உங்களுக்குப் பதில்.

போன இடத்துப் பாதுகாப்பு

ஏஜென்சியோடு செய்யும் ஒப்பந்தம் வேறு, முதலாளியோடு செய்யும் வேலை ஒப்பந்தம் வேறு. இரண்டாவது இங்கேயே, புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம் தனியாகவும் ஓவர்டைம் தனியாகவும் இருக்கிறதா, வேலை நேரம், விடுமுறை, சாப்பாடு அல்லது சாப்பாட்டுப் படி, தங்குமிடம், வைத்தியம், திரும்பும் டிக்கெட், மரணம் நேர்ந்தால் மய்யித்தை ஊர் அனுப்பும் பொறுப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 1,500 ரியால் என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் 1,000 அடிப்படை, 500 ஓவர்டைம் என்று எழுதினால், ஓவர்டைம் இல்லாத மாதம் 1,000தான் கைக்கு வரும். பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்காகும் நாடுகள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகம் வழியாக வரும் வேலை அழைப்புக் கடிதம் தமிழிலும் கிடைக்கும். அங்கே போய்ப் போடும் ஒப்பந்தம் அதற்கு ஒத்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். வகை. அவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியகல்வு அனுமதி பெற வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், அதன் மேல் வரி. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இந்தப் பாலிசியின் நகல் வீட்டிலும் இருக்க வேண்டும். பாலிசி இருப்பதே தெரியாத குடும்பம் அதை எப்படிக் கேட்கும்?

தம்பிகளுக்கு என்ன ஆனது?

இருவர் சார்பிலும் ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். கட்டிய தொகை, தேதி, பரிவர்த்தனை எண், சட்ட வரம்பு, விசா தவறிய காரணம் எல்லாம் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்தோம். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, அதை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை என்றும் குறிப்பிட்டோம். ஒரே வாரத்தில் பாஸ்போர்ட்டுகள் வந்தன, 15,000 கேட்காமலேயே. பணத்துக்குப் பதில் இல்லை. அவகாசம் முடிந்ததும் அரசு இணையதளம் வழியாகச் சென்னையில் உள்ள குடியகல்வோர் பாதுகாவலருக்குப் புகார் அனுப்பினோம். பதிவு பறிபோகும் என்ற பயம் வந்த பிறகே ஏஜென்சி பேச வந்தது.

ஸ்ரீரங்கத்துத் தம்பிக்கு 85,000மும் இரண்டு தவணையாகத் திரும்பியது. பாலக்கரைத் தம்பிக்குக் கணக்கில் போட்ட 40,000 மட்டும் வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 45,000க்கு, "அந்த ஊழியர் இப்போது எங்களிடம் இல்லை, எங்கள் கணக்கில் அப்படி ஒரு வரவும் இல்லை" என்கிறார்கள். பணம் பெற்றுக்கொண்டதாக அந்த ஊழியர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு போனில் இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். வளையல்களை மீட்க அறக்கட்டளையிலிருந்து கர்ளு ஹஸனா கொடுத்தோம். "பாய், ஒரு ரசீதுக்கு இவ்வளவு விலையா?" என்று அந்தத் தம்பி கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

எங்கே புகார் செய்வது?

ஏஜென்சி பதிவு பெற்றதாக இருந்தால் முதல் வாசல் குடியகல்வோர் பாதுகாவலர். மத்திய அரசின் உதவி எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை உதவி எண் 1800 309 3793. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவருக்காகக் குடும்பத்தார் இங்கிருந்தே இந்த எண்களில் பேசலாம்.

பதிவு பெறாதவர் என்றால் நேராகக் காவல்துறைக்குப் போக வேண்டும். மாநகரத்துக்குள் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகம். ஏமாற்றிப் பணம் பறித்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் வரும், ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. பதிவின்றி ஆள் சேர்ப்பது குடியகல்வுச் சட்டப்படி தனிக் குற்றம். அந்தச் சட்டத்தில் வழக்கு நடத்தப் பொதுவாக மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாய், தந்தை, மனைவி, உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. இதைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள்.

பணம் திரும்ப வேண்டும் என்பதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்சி மும்பையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று ஏஜென்சி இழுப்பதில் இந்தக் கணக்கும் இருக்கலாம். ஆகவே ஒப்பந்தத் தேதி கடந்த மறுநாளே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தச் சமூகத்தவரானாலும் வரலாம், கட்டணம் எதுவும் இல்லை. அரபியில் உள்ள தாளையும் ஆங்கிலத்தில் உள்ள ஷரத்தையும் உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். பணம் கட்டிய பிறகு வருகிறவர்கள், ஒப்பந்தம், வங்கிப் பதிவு, ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் நான்கையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள்.